தைப்பூசத்து அன்று எழுதிய கடிதம்: பர்மாவில் ஒரு சிவில் வழக்கு பிராதிலிருந்து தீர்ப்பு வரை

ரங்கூனில் வக்கீல் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்க் காகிதங்களைப் பர்மிய மொழிக்கு மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. புரோநோட், குடும்பப் பாகப் பிரிவினை, கோவில் கணக்கு, சில நேரம் வெறும் கடிதம். நம் ஆட்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கேஸ் போட்டால் அப்புறம் என்ன நடக்கும்?" அதை ஒரே வழக்கை வைத்துச் சொல்கிறேன். நான் பார்த்த பல வழக்குகளைச் சேர்த்துக் கட்டிய உதாரணம் இது. குறிப்பிட்ட எவரையும் சொல்லவில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தமிழில் தேடினால் வருவதெல்லாம் இந்தியச் சட்ட விளக்கம். பிராதுக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலான எதிருரையை 30 நாளில், அதிகபட்சம் 90 நாளில் போட வேண்டும் என்பார்கள். சாட்சியின் முதல் விசாரணையை எழுத்தில் கொடுத்தால் போதும் என்பார்கள். எதிர்க் கோரிக்கையை அதே வழக்கில் போடலாம் என்பார்கள். இவை இந்தியாவில் 1976-லும் அதற்குப் பிறகும் வந்த திருத்தங்கள். நமக்கும் அவர்களுக்கும் அடிப்படை ஒன்றே, 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம். ஆனால் பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து பிரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கே திருத்தியது இங்கே செல்லாது. அந்தச் சட்டத்தின் ஆர்டர் 7, ஆர்டர் 8 என்ற பகுதி எண்கள் இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

சரி, வழக்குக்கு வருவோம்.

கைமாற்று

தாம்வேயில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், பெகுவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பழைய சிநேகிதருக்கு 2019 ஏப்ரல் 5 அன்று 60 லட்சம் சாட் கைமாற்றுக் கொடுத்தார். வட்டி இல்லை. கேட்கும்போது திருப்பித் தருவதாக ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டில் கையெழுத்து. 2020 மார்ச்சில் 15 லட்சம் திரும்பி வந்தது. அதைத் திரும்பப் பெற்ற வியாபாரி புரோநோட்டின் பின்பக்கம் தன் கையாலேயே குறித்துக்கொண்டார். மீதி 45 லட்சம். அப்புறம் ஒரு கடிதம் வந்தது, தமிழில்:

"அண்ணே, இந்தத் தைப்பூசத்துக்கும் ரங்கூன் வர முடியவில்லை. பெரியவள் இந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதுகிறாள். மீதி 45-ஐ தீபாவளிக்குள் தந்துவிடுகிறேன்."

கீழே கையெழுத்து. தேதி இல்லை, வருஷமும் இல்லை. வழக்கு போட்டது 2023 நவம்பர் 20.

வக்கீல் முதலில் பார்த்தது ஸ்டாம்பைத்தான். ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டைச் சாட்சியத்தில் ஏற்க மாட்டார்கள். மற்றப் பத்திரங்களுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளும் வழி உண்டு. புரோநோட்டுக்கு அது கிடையாது. இதில் ஸ்டாம்பு சரியாக இருந்தது.

அடுத்தது காலவரம்பு, அதாவது வழக்கு போட வேண்டிய கெடு. கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு மூன்று வருஷம். அந்த மூன்று வருஷம் பணத்தைக் கேட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, எழுதிய நாளிலிருந்தே ஓடும். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். "நான் இன்னும் கேட்கவே இல்லையே" என்று உட்கார்ந்திருப்பார்கள். கணக்குப்படி 2022 ஏப்ரல் 5-இல் கெடு முடிந்துவிட்டது. 15 லட்சம் திரும்பி வந்ததே, அது காப்பாற்றாதா? பகுதிப் பணம் கட்டினால் கெடு புதிதாகத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் கட்டியவர் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ அது இருக்க வேண்டும். பணத்தைத் திரும்பப் பெற்றவர் தானே குறித்துக்கொண்டால் பயன் இல்லை. இருந்திருந்தாலும் 2023 மார்ச் வரைதான் இழுத்திருக்கும், வழக்கு போட்டதோ நவம்பரில்.

ஆக, உயிர் முழுவதும் அந்தக் கடிதத்தில். கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று வருஷம். கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் எப்போது கையெழுத்தானது என்று வாய்ச் சாட்சி சொல்லலாம், சட்டம் அனுமதிக்கிறது. கடிதத்தில் என்ன இருந்தது என்பதற்குத்தான் வாய்ச் சாட்சி எடுபடாது. 2022-இல் தைப்பூசம் ஜனவரி 18, கெடுவுக்குள் வருகிறது. 2023-இல் பிப்ரவரி 5, கெடு தாண்டிப் பத்து மாதம். எந்தத் தைப்பூசம் என்பதுதான் இனி வழக்கு.

பிராது

பர்மிய மொழியில் அசோல்வா என்பார்கள். எந்தக் கோர்ட் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். தொகையை விசாரிக்க அதிகாரமுள்ள கோர்ட்டுகளில் கீழ்ப்படியில் இருப்பதில்தான் போட வேண்டும். இந்தத் தொகைக்கு அது டவுன்ஷிப் கோர்ட். இடத்தைப் பொறுத்தவரை, பிரதிவாதி குடியிருக்கும் பெகுவிலும் போடலாம், பணம் கைமாறிய தாம்வேயிலும் போடலாம். வாதி தாம்வேயைத் தேர்ந்தெடுத்தார். பணம் அங்கேதான் கொடுக்கப்பட்டது என்பதைப் பிராதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்தக் கோர்ட்டுக்கு ஏன் அதிகாரம் என்பது தெரியாது, பிராது உரிய கோர்ட்டில் போடச் சொல்லித் திரும்பி வரும்.

பெயர் விஷயம் நமக்கென்றே உள்ள தலைவலி. வீட்டிலும் கோவிலிலும் தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். புரோநோட்டில் ஒன்று, கடிதத்தில் இன்னொன்று. இரண்டையும் பிராதின் தலைப்பிலேயே, நடுவில் பர்மிய 'க' எழுத்தை அடைப்பில் போட்டு, இன்னார் என்கிற இன்னார் என்று எழுதிவிட வேண்டும். விட்டுவிட்டால் பிறகு "அந்தப் பெயரில் நான் யாரும் இல்லை" என்று ஒரு வாய்தா போகும்.

பிராதின் உடலில் நடந்தவற்றைச் சொல்ல வேண்டும், சாட்சியத்தைச் சொல்லக் கூடாது. "2019 ஏப்ரல் 5 அன்று 60 லட்சம் கொடுத்தேன், புரோநோட் எழுதிக் கொடுத்தார்" என்பது போதும். யார் யார் பார்த்தார்கள், அன்று யார் டீ வாங்கி வந்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம். கேட்கும் பரிகாரம், வழக்கின் மதிப்பு, அதற்குரிய கோர்ட் கட்டணம், கடைசியில் கையெழுத்து. எந்தப் பத்தி தனக்கே தெரிந்தது, எது கேள்விப்பட்டு நம்புவது என்று பிரித்துச் சொல்லும் உறுதிமொழியும் வேண்டும். வழக்குக்கு ஆதாரமான புரோநோட்டைப் பிராதோடே காட்ட வேண்டும்.

கெடு தாண்டியதாகத் தெரியும் வழக்கில் இன்னொன்றும் கட்டாயம். எந்தக் காரணத்தால் கெடு தாண்டவில்லை என்பதைப் பிராதே சொல்ல வேண்டும், ஆர்டர் 7, விதி 6. கடிதம் பையில் இருந்தால் போதாது, பிராதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிராதைப் படித்த மாத்திரத்திலேயே காலவரம்பு கடந்தது என்று விதி 11-இன்படி நிராகரிக்கலாம். நம் வாதியின் பிராதில் ஒரு பத்தி இருந்தது: "2022 தைப்பூசத்தன்று பிரதிவாதி கடனை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார்."

இருக்க வேண்டிய இன்னொரு வரி அதில் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி, கெடு முடிந்துபோன கடனையும் தருவேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அந்த வாக்குறுதியே புதிய ஒப்பந்தம். "பாக்கி இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அது ஒப்புதல். "தந்துவிடுகிறேன்" என்பது வாக்குறுதி. கடிதத்தில் இருப்பது இரண்டாவது சொல். "அது 2023-இல் எழுதியதாகவே இருந்தாலும், வாக்குறுதி என்ற வகையில் கட்டுப்படுத்தும்" என்று மாற்று வாதமாக ஒரு வரி சேர்த்திருந்தால் வருஷச் சண்டைக்கே வேலை இல்லை. நான் மொழிபெயர்த்தபோது அந்தச் சொல்லைப் பர்மிய மொழியில் சரியாகத்தான் போட்டேன். யாரும் அதைத் தனியாகக் கவனிக்கவில்லை.

சம்மன்

சம்மனைப் பெகுவில் உள்ள கோர்ட்டுக்கு அனுப்புவார்கள், அங்குள்ள கோர்ட் ஆள் பிரதிவாதியிடம் நேரில் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால் வீட்டு வாசலில் ஒட்டலாம். ஆள் ஒளிகிறார் என்று கோர்ட் திருப்தி அடைந்தால் பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று வழி. வந்து நிற்காவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பு வரும். அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். சம்மன் முறையாகச் சேராதவருக்கு அந்த 30 நாள் தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து. வாதியும் தப்பிக்க முடியாது. பிரதிவாதி வந்து வாதி வராத நாளில் வழக்கு தள்ளுபடியானால் அதே காரணத்துக்குப் புது வழக்கு போட முடியாது, தள்ளுபடியை நீக்கத்தான் கேட்கலாம். அதற்கும் 30 நாள்.

எதிருரை

பர்மிய மொழியில் இது சேல்வா. இங்கே வழக்கின் முதல் விசாரணை நாளிலோ அதற்கு முன்போ, அல்லது கோர்ட் தரும் கெடுவுக்குள்ளோ போட வேண்டும்.

பெகுக்காரர் தானே எழுதிக்கொண்டு வந்த வரைவு ஒரே பக்கம். "வாதி சொல்வது எல்லாம் பொய். 60 லட்சம் நான் வாங்கவில்லை." அவருடைய வக்கீல் அதை ஓரமாக வைத்துவிட்டார், காரணத்தோடு. மொத்தமாக எல்லாம் பொய் என்பது மறுப்பே ஆகாது. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே மறுக்க வேண்டும், குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். "60 லட்சம் வாங்கவில்லை" என்பதும் தப்பித்தல்தான். ஐம்பது வாங்கினீர்களா, நாற்பதா? அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும், இல்லை எவ்வளவு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். ஆர்டர் 8, விதி 4 ஏறக்குறைய இதே உதாரணத்தைத்தான் தருகிறது.

கடைசியில் போன எதிருரை இப்படி நின்றது: புரோநோட் உண்மை, 60 லட்சம் வாங்கியதும் உண்மை. 15 லட்சம் போக மீதி 45 லட்சத்தையும் 2021 மே மாதம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன், ரசீது வாங்கவில்லை. கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து அல்ல. என்னுடையதே என்று கொண்டாலும் அது 2022-இல் எழுதியதல்ல. ஆகவே வழக்கு காலவரம்பு கடந்தது.

ஒன்றுக்கொன்று முட்டும் வாதங்களை மாற்று வாதமாக வைக்கத் தடை இல்லை. ஆனால் பணம் கொடுத்துவிட்டேன் என்பது வெறும் மறுப்பல்ல, புதுச் செய்தி. புதுச் செய்தியை எதிருரையிலேயே சொல்லியாக வேண்டும். சாட்சிக் கூண்டில் ஏறிய பிறகு முதல்முறையாகச் சொன்னால் நீதிபதி காது கொடுக்க மாட்டார். வாதி பதிலுக்குத் தரவேண்டிய பணம் இருந்து அதைக் கழிக்கச் சொல்வதென்றால், தொகை உறுதியானதாக இருக்க வேண்டும், அதையும் இங்கேயே சொல்ல வேண்டும்.

எழுவினாக்கள்

பர்மிய வக்கீல்கள் ஞின்செ என்பார்கள். ஒருவர் உண்டு என்று சொல்லி மற்றவர் இல்லை என்று சொல்லும் முக்கியமான விஷயம் ஒவ்வொன்றும் ஒரு எழுவினா. இருவரும் ஒப்புக்கொண்டதற்கு எழுவினா கிடையாது. அதனால் கடன் வாங்கினாரா என்ற கேள்வியே இந்த வழக்கிலிருந்து போய்விட்டது. புரோநோட் எழுதிய அன்று கூட இருந்த இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்து வர வாதி வண்டி பேசி வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினோம்.

முதலில் வரைந்த எழுவினாக்களில் ஒன்று இப்படி இருந்தது: "பிரதிவாதி 45 லட்சத்தைத் தரவில்லை என்பது உண்மையா?" படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் இப்படிக் கேட்டால், தரவில்லை என்று வாதி நிரூபிக்க வேண்டும். நடக்காத ஒன்றை எப்படி நிரூபிப்பது? கொடுத்தேன் என்று சொல்பவர்தான் கொடுத்ததை நிரூபிக்க வேண்டும். வாதியின் வக்கீல் அன்றே எழுந்து சொன்னார், மாற்றினார்கள். தீர்ப்பாணைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் எழுவினாவைத் திருத்தலாம், ஆனால் சாட்சியம் பாதி முடிந்த பிறகு திருத்தினால் பழைய சாட்சிகளை மறுபடி அழைக்க வேண்டி வரும். இறுதியில் நின்றவை:

1. கடிதத்தில் பிரதிவாதி 2022 ஏப்ரல் 5-க்கு முன் கையெழுத்திட்டாரா?
2. வழக்கு காலவரம்பு கடந்ததா?
3. 2021 மே மாதம் பிரதிவாதி 45 லட்சம் கொடுத்தாரா?
4. வாதிக்கு என்ன பரிகாரம்?

முதலாவது வாதியின் சுமை, மூன்றாவது பிரதிவாதியின் சுமை. இரண்டாவது முதலாவதைப் பின்தொடரும். வழக்கு வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலின் நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு யாரைச் சாட்சியாக அழைப்பது, யாரை விடுவது என்பதற்கு வேறு அளவுகோல் கிடையாது.

சாட்சியம்

வாதி முதலில். அவர் கடைக் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒழுங்காக எழுதிய கணக்கு சாட்சியத்தில் சேரும், ஆனால் அது மட்டுமே ஒருவர் தலையில் கடனைக் கட்டப் போதாது. அவர் தன் முதல் விசாரணையைப் பர்மிய மொழியிலேயே சொல்லிவிட்டார். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த பெரியவருக்குத் தமிழ்தான் வரும். அவர் சொல்வதை மொழிபெயர்ப்பவர் சொல்ல, நீதிபதி பர்மிய மொழியில் பதிந்தார். சாட்சிக்குப் புரியாத மொழியில் பதிந்தால், பதிந்ததை அவர் பேசிய மொழியில் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது ஆர்டர் 18, விதி 6. நேரமாகிவிட்டது என்று இதைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பெரியவர் "கொரோனா வந்து இரண்டாவது தைப்பூசம்" என்று சொன்னது "இரண்டாவது வருஷம்" என்று பதிவாகியிருந்தது. திருப்பிச் சொன்னபோதுதான் அவர் தலையை ஆட்டி மறுத்தார், திருத்தினார்கள். இரண்டாவது தைப்பூசம் என்றால் 2022. இரண்டாவது வருஷம் என்றால் 2021 என்றும் படிக்கலாம், அந்த வருஷத் தைப்பூசத்துக்குக் கணக்கு வைத்தால் மூன்று வருஷம் 2024 ஜனவரியில் முடியும், வழக்கு அப்போதும் பிழைத்திருக்கும். ஆனால் பிராது சொல்லும் வருஷமும் சாட்சி சொல்லும் வருஷமும் வேறாகியிருக்கும்.

கையெழுத்தை நிரூபிக்க நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை. அவர் எழுத்தை நன்கு பழகியவர் சொல்லலாம். ஒப்புக்கொண்ட கையெழுத்தோடு கோர்ட்டே ஒப்பிட்டுப் பார்க்கலாம். புரோநோட்டிலிருப்பது என் கையெழுத்துத்தான் என்று எதிருரையிலேயே சொல்லியாகிவிட்டதால், ஒப்பிட ஒரு கையெழுத்து தயாராக இருந்தது.

அப்புறம் பிரதிவாதி கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணையில் வாதியின் வக்கீல் கடிதத்தைத் தொடவே இல்லை. பிள்ளைகள் எத்தனை, பெரியவள் என்ன படித்தாள், பத்தாவது எப்போது எழுதினாள் என்று ஊர்க் கதை போலக் கேட்டார். "2022-இல், ஒரே தடவையில் பாஸ்" என்று தகப்பன் பெருமையோடு வந்தது பதில். வக்கீல் அதைப் பதியும்வரை காத்திருந்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் விளக்கம் சொல்ல இடம் கொடுத்திருப்பார். பணம் கொடுத்ததற்கு அவர் அழைத்த ஒரே சாட்சி கடைப் பையன். அவன் மே மாதம் என்பதற்குப் பதில் தீபாவளிக்கு முந்தின வாரம் என்றான்.

தீர்ப்பு

இரு தரப்பு வாதமும் முடிந்ததும் அன்றே தீர்ப்பு சொல்லலாம், அல்லது இன்னொரு நாள் குறித்துச் சொல்லலாம். எப்படியானாலும் திறந்த கோர்ட்டில் படிக்க வேண்டும். ஒவ்வொரு எழுவினாவுக்கும் முடிவும் காரணமும் இருக்க வேண்டும். நம் வழக்கில் முதலாவது வாதிக்கு: கையெழுத்து ஒத்துப்போகிறது, கொண்டுவந்தவர் சொன்னதும் மகளின் பரீட்சையும் ஒரே வருஷத்தைக் காட்டுகின்றன. இரண்டாவது தானாகவே விழுந்தது. மூன்றாவதற்குக் காரணம் இரண்டே வரி: 2021 மே மாதம் 45 லட்சத்தைத் தீர்த்தவர் 2022 தைப்பூசத்தன்று "மீதி 45" என்று எழுதமாட்டார், முழுப்பணமும் கொடுத்தவர் புரோநோட்டைத் திரும்ப வாங்காமல் போகமாட்டார். நான்காவது: 45 லட்சமும் வழக்குச் செலவும், வழக்கு போட்ட நாளிலிருந்து கோர்ட் நியாயமென்று கருதிய வட்டியும்.

தீர்ப்பு என்பது காரணங்கள். தீர்ப்பாணை, அதாவது டீக்ரி, அதிலிருந்து தனியாக எழுதப்படும் ஒரு தாள். பணத்தை வசூலிக்கப் போகும்போது கேட்பது அந்தத் தாளைத்தான். அதில் பெயர், தொகை, செலவுக் கணக்கு சரியா என்று வாங்கிய அன்றே பாருங்கள். தோற்றவர் மாவட்டக் கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள், நகல் வாங்க ஆன நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. பெகுக்காரர் நகலுக்கு மனுப் போட்டது இருபத்தாறாவது நாள்.